வெல்டிங் புகையை எங்கே பிடிப்பது?

வெல்டிங் பட்டறைக்காரர்கள் புகைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், அநேகமாக முதலில் போய் நிற்பது ஃபேன் கடையில்தான். சுவரின் மேற்பகுதியில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிடுகிறார்கள். ஃபேன் சுழல்கிறது, சத்தம் கேட்கிறது, வெளியே நின்று பார்த்தால் புகையும் வருகிறது. ஆனால் அந்தப் புகை வெல்டரின் முகத்தைக் கடந்து, அவர் மூச்சில் கலந்து, கூரை வரை ஏறிச் சுற்றிய பிறகுதான் வெளியேறுகிறது. பட்டறையின் காற்று கொஞ்சம் தெளிகிறது. குனிந்து வேலை செய்யும் ஆளுக்கு எந்த மாற்றமும் இல்லை.

புகையைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது வேறு வேலை. அதற்கு ஆர்க் எரியும் இடத்துக்கு அருகில் ஒரு ஹூட், அதிலிருந்து புகையைக் கொண்டுபோக ஒரு டக்ட், கடைசியில் ஒரு புளோயர் வேண்டும். கணக்குப் போட வேண்டிய வரிசையும் இதுவேதான். ஹூட்டைத் தீர்மானிக்காமல் டக்ட்டின் அளவு தெரியாது. டக்ட் தெரியாமல் புளோயரை வாங்க முடியாது. நம்மூரில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக நடப்பதால்தான் பணம் போட்டும் புகை போவதில்லை.

முதலில் அந்தப் புகை என்னவென்று பார்த்துவிடலாம். ஆர்க்கின் சூட்டில் உலோகம் உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றில் குளிர்ந்து மிக நுண்ணிய துகள்களாக மாறுவதுதான் நாம் காணும் புகை. அதில் பெரும்பகுதி வெல்டிங் ராடிலிருந்தும் வயரிலிருந்தும் வருகிறது. ஒட்டப்படும் இரும்பிலிருந்து வருவது கொஞ்சம்தான். துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். சாதாரண இரும்பில் மாங்கனீசும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியமும் நிக்கலும், ஜி.ஐ. பைப்பில் துத்தநாகமும் உள்ளே போகின்றன. ஜி.ஐ. வெல்டிங் செய்த அன்று இரவு வரும் குளிர்காய்ச்சல் இந்தத் துத்தநாகத்தின் வேலை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. சாதாரண இரும்பு வெல்டிங்கும் இதில் அடக்கம். இதையடுத்து 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு, கூரைக்குள் நடக்கும் எந்த வெல்டிங்குக்கும் பொதுவான காற்றோட்டம் மட்டும் போதாது என்று அறிவித்தது. பாலும் வெல்லமும் புகையை முறிக்கும் என்று நம்பும் வெல்டர்கள் இங்கே நிறைய உண்டு. அவை வயிற்றுக்குப் போகின்றன. புகை போவது நுரையீரலுக்கு.

இனி ஹூட்டுக்கு வருவோம். ஒரு மெழுகுவர்த்தியை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும்போது காற்று முன்னால், பக்கவாட்டில், பின்னால் என எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அதனால் உறிஞ்சும் வாயிலிருந்து விலக விலக வேகம் மளமளவென்று விழுந்துவிடுகிறது. ஹூட்டின் கணக்கு முழுவதும் இதற்குள் அடங்கும்.

வெல்டிங் புகை வேகமாகப் பீறிட்டு வருவதில்லை. சூட்டினால் மெதுவாக மேலே எழுகிறது. அதை இழுத்து ஹூட்டுக்குள் கொண்டுவர, ஆர்க் எரியும் இடத்தில் காற்று விநாடிக்கு சுமார் 0.5 மீட்டர் வேகத்தில் ஹூட்டை நோக்கி நகர வேண்டும். இதைப் பிடிப்பு வேகம் என்று சொல்லலாம். கவனிக்க வேண்டியது, இந்த வேகம் ஆர்க் இருக்கும் இடத்தில் வேண்டும் என்பதுதான். ஹூட்டின் வாயில் எவ்வளவு வேகம் என்பது வேறு கணக்கு. விற்பவர்கள் ஹூட்டின் வாயில் கருவியை வைத்து அளந்து காட்டி நம்மை அசத்திவிடுவார்கள். அந்த எண்ணால் வெல்டருக்குப் பயனில்லை.

இந்த வேகத்துக்கு எவ்வளவு காற்று இழுக்க வேண்டும் என்பதற்கு 1930-களில் அமெரிக்கப் பொறியாளர் டல்லவல்லே அளந்து தந்த சூத்திரம் இன்றும் உலகம் முழுதும் பயன்படுகிறது.

```
Q = V × (10X² + A)
```

Q என்பது விநாடிக்கு இழுக்க வேண்டிய காற்றின் கன அளவு, V பிடிப்பு வேகம், X ஹூட்டின் வாயிலிருந்து ஆர்க் வரை உள்ள தூரம், A ஹூட் வாயின் பரப்பு. தூரம் வர்க்கமாக வருகிறது, அதுவும் பத்தால் பெருக்கப்பட்டு. அந்தத் தூரத்துக்கு முன்னால் ஹூட் வாயின் பரப்பு ஒரு பொருட்டே இல்லை.

ஓர் உதாரணத்தோடு போவோம். திருச்சி துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் பெல் நிறுவனத்துக்கு உதிரிகள் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளைப் போல, இரண்டு வெல்டிங் மேசைகள் உள்ள ஒரு ஷெட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேசைக்கும் விருப்பப்படி வளைத்து நிறுத்தக்கூடிய ஒரு கை. கையின் நுனியில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஹூட். ஆர்க்கிலிருந்து ஹூட் 30 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. சூத்திரத்தில் போட்டால் விநாடிக்கு 0.485 கன மீட்டர் காற்று தேவை. ஹூட்டின் விளிம்பைச் சுற்றி 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தகட்டு வளையம் பொருத்தினால் பின்பக்கமிருந்து வீணாக வரும் காற்று தடைபடும். தேவை சுமார் கால் பங்கு குறைந்து 0.364 கன மீட்டராகும். கடைப் பேச்சில் ஏறத்தாழ 770 சி.எஃப்.எம். ஒரு தகட்டு வளையத்தால் கிடைக்கும் மின்சார மிச்சம் இது, அதுவும் ஆயுள் முழுக்க.

அதே ஹூட், அதே காற்று. வெல்டர் வேலைப் பொருளைத் தள்ளி வைத்துக்கொண்டார், ஹூட்டை நகர்த்தவில்லை. தூரம் 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இப்போது ஆர்க்கில் பிடிப்பு வேகம் 0.13 மீட்டர்தான். ஆள் நடந்து போனாலே அதைவிட அதிகமாகக் காற்று அசையும். புளோயர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, புகை நிம்மதியாக முகத்துக்கு ஏறும். பழைய 0.5 மீட்டரை அந்தத் தூரத்தில் எட்ட வேண்டுமானால் ஏறத்தாழ நான்கு மடங்கு காற்று வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவு, தூசும் புகையும் பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் உறிஞ்சும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று எழுதியதில் நல்ல பொறியியல் இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்த பட்டறைகள் அந்தச் சட்டத்தின் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வராமல் இருந்தன என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய உண்மை.

சரி, அப்படியானால் ஒட்டியே வைத்துவிடலாமா? மிக்-கும் டிக்-கும் செய்கிறவர்கள் அதற்கு ஒப்ப மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆர்க்கைச் சுற்றி இருக்கும் காப்பு வாயுவைக் காற்று கலைத்துவிட்டால் வெல்டில் நுண்துளைகள் விழும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான விதிநூல் இதற்கு மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு சுமார் 2.2 மீட்டர் என்று எல்லை வைக்கிறது. நம் ஹூட்டை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் வேகம் 1.6 மீட்டர், 10 சென்டிமீட்டரில் 2.8. ஆகவே 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை என்பது புகைக்கும் வெல்டுக்கும் ஒத்துப்போகும் இடம். சாதாரண ராடு வெல்டிங்கில் இந்தக் கவலை குறைவு.

ஹூட்டை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதும் தூரத்துக்குச் சமமாக முக்கியம். மேசைக்கு நேர் மேலே குடை போல ஹூட் கட்டித் தொங்கவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். சமையலறைக்கு அது சரி. வெல்டர் குனிகிறவர், ஆர்க்குக்கும் குடைக்கும் நடுவில் அவருடைய தலை இருக்கிறது. புகை அவரைக் கடந்துதான் மேலே போக முடியும். ஹூட் ஆர்க்கின் மறுபக்கத்தில், அல்லது பக்கவாட்டில் சற்று மேலாக இருக்க வேண்டும். புகை முகத்தை விட்டு விலகிச் சாய்ந்து போவதைக் கண்ணாலேயே காணலாம்.

இதையெல்லாம் ஒரே நொடியில் கெடுப்பது பெடஸ்டல் ஃபேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில், தோல் கையுறையோடு வேலை செய்யும் ஒருவரிடம் ஃபேனை அணைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த ஃபேன் காற்று இரண்டு மீட்டர் தள்ளியும் விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் வீசும். 0.5 மீட்டர் பிடிப்பு வேகத்தால் அதை எதிர்த்து நிற்க முடியாது. வெல்டரின் முதுகுக்கு நேர்பின்னால் வைப்பதும் உதவாது: உடம்பின் முன்புறம் காற்று சுழன்று புகையை முகத்துக்கே கொண்டுவரும். ஃபேனைப் பக்கவாட்டில், தாழ்வாக, குறைந்த வேகத்தில், காற்று இடுப்புக்குக் கீழே படும்படியும் மேசைக்கு மேலே ஏறாதபடியும் வைத்தால் ஓரளவு இரண்டும் நடக்கும். கூரைக்கடியில் வெப்பத் தடுப்பு ஷீட் போடுவது இதைவிட நல்ல வழி. காற்று அடிக்கும் பக்கத்து ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தாலும் இதே தொல்லைதான். மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகட்டுத் தடுப்போ வெல்டிங் திரையோ வேண்டும்.

ஹூட் முடிந்தது. இரண்டு கைகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 0.73 கன மீட்டர் காற்றை டக்ட் கொண்டுபோக வேண்டும். டக்ட் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பெரிதானால் உள்ளே காற்று மெதுவாகப் போகும், தூசு அடியில் படியும். வெல்டிங் புகை மட்டும் என்றால் துகள்கள் அவ்வளவு எளிதில் கீழே விழாது. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேரும், கூடவே தெறிப்புத் துளிகளும் போகும். இவற்றைப் படியவிடாமல் அடித்துச் செல்ல விநாடிக்கு 10 முதல் 13 மீட்டர் வேகம் வேண்டும் என்பது வழக்கமான அளவு. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளை டக்ட்டில் நம் காற்று 11.6 மீட்டர் வேகத்தில் போகும். இரண்டு கிளைகளும் சேரும் பிரதான டக்ட்டுக்கு 28 சென்டிமீட்டர் விட்டம், வேகம் 11.8. சேரும் இடம் செங்குத்தாக இல்லாமல் காற்று போகும் திசையில் சாய்ந்து சேர வேண்டும். மூலைகளில் கூரான மடிப்பு வேண்டாம், வளைவாகத் திரும்பட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கிரைண்டர் பக்கத்திலேயே இருப்பதால் அதன் ஹூட்டையும் இதே டக்ட்டில் சேர்த்துவிடுவார்கள். கிரைண்டிங் தூசு கனமானது. அதைக் கொண்டுபோக 18 முதல் 20 மீட்டர் வேகம் வேண்டும். 12 மீட்டர் டக்ட்டில் அது முதல் கிடைமட்ட நீளத்திலேயே படியத் தொடங்கும். சில மாதங்களில் டக்ட்டின் குறுக்களவு பாதியாகிவிடும். அதோடு கிரைண்டர் பொறி ஃபில்டர் வரை போய் அங்கே சேர்ந்திருக்கும் தூசில் விழுந்தால் தீ. கிரைண்டருக்குத் தனி டக்ட், தனிப் புளோயர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வேலை இல்லாத மேசையின் கையை மூடிவைக்கும்போதும் இதே மாதிரி ஒன்று நடக்கும். பிரதான டக்ட்டில் காற்று குறைந்து, வேகம் 12 மீட்டரிலிருந்து வெகுவாக இறங்கி, தூசு படியும். இரண்டு கை மட்டும் உள்ள சிறு பட்டறையில் மூடாமல் விட்டுவிடுவதே மேல். டக்ட்டைக் கையால் தட்டிப் பார்த்தால் படிவு இருக்கும் இடத்தில் ஓசை அடங்கிக் கேட்கும். கிடைமட்டப் பகுதிகளில் திறந்து சுத்தம் செய்யும் மூடி வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போதுதான் புளோயரின் முறை. ஃபேன் டப்பாவில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம். என்பது முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் சுழலும்போது தள்ளும் காற்று. நம் அமைப்பிலோ காற்று ஹூட்டுக்குள் நுழைந்து, நெளியும் கை வழியாகப் போய், டக்ட்டில் உராய்ந்து, வளைவுகளில் திரும்பி, ஃபில்டரைக் கடந்து, கூரைக்கு மேலே போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் இழக்கப்படுகிறது. நம் பட்டறைக்குக் கூட்டிப் பார்ப்போம். டக்ட்டில் 11.6 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்றின் வேக அழுத்தம் சுமார் 80 பாஸ்கல். நின்றிருந்த காற்றை அந்த வேகத்துக்குக் கொண்டுவர 80, ஹூட் வாயில் 20, நெளியும் கையில் 135, நான்கு மீட்டர் கிளையிலும் அதன் வளைவிலும் 70, பத்து மீட்டர் பிரதான டக்ட்டில் 100, வெளியே ஏறும் குழாயில் 20. ஆக ஏறத்தாழ 425 பாஸ்கல். ஒரே பாதையை மட்டும் கூட்ட வேண்டும். இரண்டு கைகளையும் சேர்த்துக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. இதோடு தூசு ஏறிய ஃபில்டருக்கு 1,000 பாஸ்கல். சற்றுக் கூடுதலாக 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். புளோயர்காரர்கள் மொழியில் சுமார் 150 எம்.எம். வாட்டர். இணைப்புகளில் கசிவுக்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் காற்று விநாடிக்கு 0.8 கன மீட்டர், சுமார் 1,700 சி.எஃப்.எம்.

சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனின் மேல் இதைவிட அதிகமான சி.எஃப்.எம். எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வகை ஃபேன் சில பத்துப் பாஸ்கல் தடையிலேயே திணறும். 1,500 பாஸ்கல் தடைக்கு அது சும்மா சுழலும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது மையவிலக்கு வகைப் புளோயர், அதிலும் இறக்கைகள் சுழலும் திசைக்குப் பின்னோக்கி வளைந்த இம்பெல்லர் உள்ளது. ஃபில்டர் புதிதாக இருக்கும்போது தடை குறைந்து காற்று கூடும். அப்போதும் இந்த வகை மோட்டாரை எரியவிடாது. கூடுதல் காற்றை ஒரு டேம்பரால் கட்டுப்படுத்தி, ஃபில்டர் அடைய அடையத் திறந்துகொள்ளலாம். 65 சதவீதத் திறன் என்று கொண்டால் தேவைப்படும் சக்தி 1.85 கிலோவாட், 3 எச்.பி. மோட்டார் போதும். புளோயரை ஃபில்டருக்குப் பின்னால், பட்டறைக்கு வெளியே வைக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் டக்ட் முழுவதும் உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர புகை வெளியே வராது. புளோயரின் வாய்க்கு ஒட்டினாற்போல் வளைவு வைத்தால் காற்று சுழன்று நுழைந்து திறன் விழும். அங்கே கொஞ்சம் நேர்நீளம் விடுங்கள். வெளியேறும் குழாய் கூரைக்கு மேல் நேராக நிற்கட்டும். தலையில் தொப்பி மாட்டினால் புகை கீழ்நோக்கித் திரும்பும்.

புளோயர் சின்னதாகப் போய்விட்டால் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டலாமே என்பார்கள். காற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். மின்சக்தி வேகத்தின் மூன்றாம் மடிப்பில் கூடும். 20 சதவீதம் வேகம் கூட்டினால் சக்தி 73 சதவீதம் ஏறி, நம் 3 எச்.பி. மோட்டார் தாங்காது. இன்னொரு கோளாறு கண்ணில் படுவதே இல்லை. மூன்று ஃபேஸ் வயரில் இரண்டு மாறிவிட்டால் புளோயர் எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்குப் புளோயர் அப்போதும் காற்றை அதே பக்கமாகத்தான் தள்ளும், ஆனால் வெகுவாகக் குறைந்த அளவில். காற்று வருகிறது என்று எல்லோரும் திருப்தியாக இருப்பார்கள். மோட்டார் மாற்றிய பிறகும், மெயின் லைனில் வேலை நடந்த பிறகும், உறையின் மேல் இருக்கும் அம்புக்குறியோடு சுழற்சியை ஒத்துப் பார்ப்பது அவசியம்.

அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வெல்டிங் நிறுத்திய நேரத்தில், ஆர்க் எரியும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை மேலே எழாமல் சாய்ந்து ஹூட்டுக்குள் ஓடினால் பிடிப்பு இருக்கிறது. அசைந்து, தயங்கி, திசை மாறினால் இல்லை. பிறகு கை டக்ட்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு துளை போட்டு, அதில் நிறத்தண்ணீர் ஊற்றிய யு வடிவப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை இணையுங்கள். எல்லாம் சரியாக இருக்கும் முதல் நாளில் நம் பட்டறையில் இரு பக்க நீர்மட்ட வேறுபாடு சுமார் 24 மில்லிமீட்டர் காட்டும். அதைக் குழாயின் பக்கத்தில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். பின்னாளில் அது 12-க்கு இறங்கினால் காற்று முப்பது சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள்: ஃபில்டர் அடைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், டக்ட்டில் படிவு சேர்ந்திருக்கலாம். மாறாக 24-ஐத் தாண்டி ஏறினால் அடைப்பு ஹூட் பக்கமோ கையிலோ இருக்கிறது. உள்ளே போன கந்தல் துணியோ கிழிந்து மடங்கிய குழாயோ காரணமாக இருக்கும்.

புளோயர் வாங்கக் கொட்டேஷன் கேட்கும்போது விலையோடு இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஹூட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் வேகம் தருவீர்கள் என்பது ஒன்று. ஃபில்டர் அடைந்த நிலையில், எத்தனை எம்.எம். வாட்டர் அழுத்தத்தில் எத்தனை சி.எஃப்.எம். என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எண் தராதவரிடம் வாங்க வேண்டாம்.